ஒரு மணி நேர மேடைப் பேச்சை ஒரு பக்க வாக்குறுதிப் பட்டியலாக்குவது எப்படி?

தேர்தல் நெருங்கும் மாதங்களில் தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ பெரிய தலைவர் ஒருவர் வந்தால் பேச்சு ஒரு மணி நேரம் போகும். மறுநாள் டீக்கடையில் என்ன பேசினார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "மொரப்பூருக்கு ரயில் விடறேன்னு சொல்லிட்டாருங்க" என்பார் ஒருவர். "ரயிலுக்காகப் போராடறேன்னுதானே சொன்னாரு" என்பார் பக்கத்தில் இருப்பவர். இருவரும் ஒரே மைதானத்தில் நின்று ஒரே பேச்சைக் கேட்டவர்கள்தான். ஐந்து ஆண்டு கழித்து அந்தத் தலைவரிடம் கணக்குக் கேட்கப் போனால், இந்த இரண்டில் எதைச் சொன்னார் என்பதில்தான் எல்லாமே நிற்கிறது.

எங்கள் வாசகர் வட்டத்தில் எந்தக் கட்சித் தலைவர் பேசினாலும் பேச்சை ஒரு பக்கமாகச் சுருக்கி ஒட்டி வைக்கிறோம். அதற்கு நாங்கள் கடைப்பிடிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். முறை எல்லாக் கட்சிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பிடித்த தலைவருக்கு ஒரு அளவுகோல், பிடிக்காதவருக்கு இன்னொன்று என்று வைத்தால் அந்தத் தாளை யாரும் நம்ப மாட்டார்கள்.

முழுப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள்

வாட்ஸ்அப்பில் வரும் முப்பது வினாடித் துண்டிலிருந்து வேலையைத் தொடங்காதீர்கள். வெட்டும் இடத்தில்தான் நிபந்தனை காணாமல் போகும். "மத்தியில் நாங்கள் சொல்கிற ஆட்சி வந்தால்" என்ற முன்பாதி போய், "கல்விக் கடன் முழுவதையும் தள்ளுபடி செய்வோம்" என்ற பின்பாதி மட்டும் சுற்றும். செய்தித்தாள் தலைப்பும் அப்படித்தான். இடம் போதாமல் நிபந்தனையை விழுங்கிவிடும்.

யூடியூபில் தானாக ஓடும் தமிழ் எழுத்துகளை அப்படியே எடுக்க வேண்டாம். ஊர்ப் பெயரும் எண்ணும்தான் அதில் அதிகம் பிசகும், நமக்கு வேண்டியதும் அவையே. கைதட்டல் சத்தத்தில் இருபதும் இருநூறும் ஒன்றுபோலக் கேட்கும். எண் வரும் ஒவ்வொரு இடத்தையும் வேகத்தைக் குறைத்து இரண்டு முறை கேளுங்கள். அப்போதும் தெளியவில்லையென்றால் "எண் தெளிவாகக் கேட்கவில்லை" என்று எழுதுங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம்.

பேச்சு முழுவதையும் எழுத வேண்டியதில்லை. முதல் சுற்றில் கேட்டுக்கொண்டே, இனி நடக்கப்போவதைப் பற்றிய வாக்கியம் வரும்போதெல்லாம் நிமிடத்தையும் வினாடியையும் குறித்துக்கொண்டே போங்கள். இரண்டாவது சுற்றில் அந்த இடங்களுக்குத் திரும்பிப் போய், முன்னால் இரண்டு வாக்கியம், பின்னால் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். நிபந்தனை பெரும்பாலும் அந்த அக்கம்பக்கத்து வாக்கியங்களில்தான் இருக்கும்.

வினைச்சொல்லைப் பாருங்கள்

எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிக்குப் போங்கள். தமிழில் வினை கடைசியில் வருவது நமக்கு வசதி. வாக்குறுதியின் பலம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

"கட்டுவோம்", "வழங்குவோம்", "ரத்து செய்வோம்" என்று முடிந்தால் பேசுபவர் ஒரு விளைவுக்குப் பொறுப்பேற்கிறார். நாளை அந்த விளைவு வந்ததா இல்லையா என்று பார்க்க முடியும். இதை "உறுதி" என்ற குவியலில் போடுங்கள்.

"நடவடிக்கை எடுக்கப்படும்", "பரிசீலிக்கப்படும்", "ஆவன செய்யப்படும்", "வலியுறுத்துவோம்", "குரல் கொடுப்போம்", "முன்னுரிமை அளிக்கப்படும்" என்று முடிந்தால் அவர் ஏற்பது முயற்சியை மட்டும். ஒரு கடிதம் எழுதினாலே இந்தச் சொல் நிறைவேறிவிடும். இதை "முயற்சி" என்ற குவியலில் போடுங்கள். ஒதுக்கித் தள்ளவும் வேண்டாம், உறுதியோடு சேர்க்கவும் வேண்டாம்.

"விடமாட்டோம்", "மாற்றிக் காட்டுவோம்", "விடியல் பிறக்கும்", "இந்த மண்ணைப் பொன் விளையும் பூமியாக்குவோம்" போன்றவை மூன்றாவது குவியல். இதற்கு "பேச்சு" என்று பெயர் வைத்திருக்கிறோம். இங்கே ஒரு எச்சரிக்கை: "மாற்றிக் காட்டுவோம்" என்பதும் "-வோம்" என்றுதான் முடிகிறது. அதனால் வினையைப் பார்த்த கையோடு இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். இது நடந்துவிட்டது என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள்? கட்டடம், அரசாணை, வங்கிக் கணக்கில் வந்த பணம் என்று எதையாவது சுட்டிக்காட்ட முடிந்தால் அது வாக்குறுதி. முடியாவிட்டால் பேச்சு.

"செய்யப்படும்" என்று முடிவதையெல்லாம் சந்தேகப்பட வேண்டாம். அரசு நடையில் பேசிப் பழகியவர்கள் உறுதியையும் அப்படித்தான் சொல்வார்கள். "பள்ளி கட்டப்படும்" என்பது உறுதிதான். "பள்ளி கட்டுவதற்கான நடவடிக்கைகள் எடுக்கப்படும்" என்பது முயற்சி.

இன்னொரு வகை, கேள்வியாக வருவது. "உங்கள் பிள்ளைக்கு வேலை வேண்டுமா வேண்டாமா? கொடுக்கலாமா?" என்று தலைவர் கேட்பார். கூட்டம் "கொடுக்கலாம்" என்று கத்தும். அங்கே பதில் சொன்னது கூட்டம். தலைவர் எதையும் ஏற்கவில்லை. அடுத்த வாக்கியத்தில் அவரே "கொடுப்போம்" என்று சொன்னால்தான் கணக்கில் வரும்.

ஐந்து கேள்விகள்

உறுதிக் குவியலில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிடமும் ஐந்து கேள்வி கேளுங்கள். யாருக்கு? என்ன, எவ்வளவு? எங்கே? எப்போதுக்குள்? யார் அதிகாரத்தில், யார் பணத்தில்? பதில் பேச்சிலேயே இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் "சொல்லவில்லை" என்று எழுதுங்கள். எனக்கு இந்தத் தாளிலேயே மிக முக்கியமான சொல் "சொல்லவில்லை" என்பதுதான். சுருக்குபவர்கள் அந்த வெற்றிடத்தை நல்லெண்ணத்தோடு நிரப்பிவிடுகிறார்கள். "விரைவில்" என்றது "இந்த ஆண்டுக்குள்" ஆகிவிடுகிறது.

"யாருக்கு" என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது திமுக, குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை என்று வாக்குறுதி கொடுத்தது. 2023 ஜூலையில் அதற்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் தொடங்கி வைத்தது தருமபுரி மாவட்டம் தொப்பூரில். அதற்குள் தகுதி விதிகள் வந்திருந்தன. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், நஞ்சை என்றால் 5 ஏக்கருக்குள், புஞ்சை என்றால் 10 ஏக்கருக்குள், ஆண்டுக்கு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்று. அந்த செப்டம்பரில் பணம் வரத் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கிடைத்தது. வாக்குறுதி நிறைவேறியதா என்று கேட்டால், கிடைத்தவர் ஆம் என்பார், விதியால் விடுபட்டவர் இல்லை என்பார். இந்தச் சண்டையைத் தீர்க்கும் சக்தி ஒரு சுருக்கத் தாளுக்கு உண்டு. முதலில் பேசிய அன்று "எல்லாக் குடும்பத் தலைவிகளுக்கும்" என்றாரா, "தகுதியுள்ள" என்றாரா, இரண்டும் இல்லாமல் பொதுவாக விட்டாரா என்பதைச் சொல் மாறாமல் எழுதி வைத்திருந்தால் போதும்.

எங்கள் ஊரில் ஒரு பாட்டி ஒட்டிய தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிப்பா, எனக்கு வருமா வராதா?" என்றார். ஒவ்வொரு வரியையும் எழுதி முடித்ததும் அந்தக் கேள்வியை அதனிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல முடியாத வரியில் "யாருக்கு" என்ற இடம் காலியாக இருக்கும்.

எண்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். எண் வந்தாலே வாக்குறுதி உறுதியாகிவிட்டதாக மனம் நினைத்துக்கொள்கிறது. 2024 ஜூனில் சட்டப்பேரவையில் 110 விதியின்கீழ் ஓசூர் விமான நிலைய அறிவிப்பு வந்தது. 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் அளவில் அமைக்கப்படும் என்பது அதன் முக்கிய வரி. இரண்டு பெரிய எண்கள் இருக்கின்றன. ஆனால் இரண்டும் விமான நிலையம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்கின்றன; எந்த ஆண்டு விமானம் ஏறலாம் என்பதற்கு அதில் எண் இல்லை. "யார் அதிகாரத்தில்" என்ற கேள்வியைக் கேட்டால் இன்னொன்றும் தெரியும். புது விமான நிலையத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். அதோடு, பெங்களூரு விமான நிலையத்துக்கான ஒப்பந்தம், 150 கிலோமீட்டருக்குள் வேறொரு விமான நிலையம் வருவதை 2033 வரை கட்டுப்படுத்துகிறது. இவற்றைத் தலைவர் சொன்னதாக எழுதக் கூடாது. வாக்குறுதிக்குக் கீழே "நம் குறிப்பு" என்று தனியே எழுதுங்கள். அவர் சொன்னதும் நாம் சேர்த்ததும் கலந்துவிட்டால் தாள் கெட்டுவிடும்.

ஒரு பேச்சைப் பிரித்துப் பார்ப்போம்

கீழே இருப்பது எந்தத் தலைவரும் பேசியதல்ல. பயிற்சிக்காக, இந்தப் பக்கத்து மேடைகளின் நடையில் நானே எழுதியது. பேசுபவர் ஒரு மாநிலக் கட்சித் தலைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

> "அவ்வைக்கு நெல்லிக்கனி தந்த அதியமானின் மண் இது! இந்த மண்ணில் தண்ணீர் குடித்தால் பல்லில் கறை விழுகிறது. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போமா? இருக்க மாட்டோம்! நம் ஆட்சி அமைந்ததும் ஒகேனக்கல்லில் வீணாகப் போகும் காவிரி உபரி நீரை மேலேற்றி, தருமபுரி மாவட்டத்தின் எல்லா ஏரிகளையும் நிரப்புவோம். பாலக்கோட்டில் தக்காளியை ரோட்டில் கொட்டுகிறானே விவசாயி, அவன் கண்ணீர் என் கண்ணீர். அங்கே தக்காளி பதப்படுத்தும் ஆலை அமைக்க உரிய நடவடிக்கை எடுக்கப்படும். மொரப்பூர் ரயில் என்ன ஆயிற்று? டெல்லியின் கதவைத் தட்டுவோம், தூங்க விட மாட்டோம்! பெங்களூருக்கு பஸ் ஏறும் நம் பிள்ளைகள் பத்தாயிரம் பேருக்கு இங்கேயே வேலை. பென்னாகரத்தில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு, முதல் ஆண்டிலேயே, நூறு பேர் தங்கும் விடுதி கட்டித் திறப்போம்."

அதியமானும் நெல்லிக்கனியும் பேச்சு. கறை விழும் பல் உண்மையான பிரச்சினை. இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஆனால் பிரச்சினையைச் சொல்வது தீர்வைச் சொன்னதாகாது. கவனியுங்கள், குடிநீரைப் பற்றித் தொடங்கியவர் ஏரி நிரப்புவதில் முடித்துவிட்டார். குடிநீருக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் நல்ல குடிநீர் வரும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தப் பேச்சு அதைத் தொடவே இல்லை. பிரச்சினைக்கும் வாக்குறுதிக்கும் நடுவே இப்படிப் பாதை மாறுவதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி.

ஏரி வாக்குறுதியின் வினை பலமானது: "நிரப்புவோம்". எனவே உறுதி. இடம் உண்டு, ஆண்டு இல்லை, பணம் இல்லை. "எல்லா ஏரிகளும்" என்பது நீர்வளத்துறை ஏரிகளா, ஊராட்சி ஒன்றிய ஏரிகளும் சேர்த்தா என்பதும் இல்லை. இதில் மிகக் கனமான சொல் "உபரி". காவிரி நீர் பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டு, ஒகேனக்கல்லைத் தாண்டி மேட்டூருக்குப் போகிறது. அங்கிருந்து அது டெல்டாவின் பாசன நீர். மேட்டூர் 120 அடியைத் தொட்டு நிரம்பி வழியும் நாட்களில் வருவதுதான் சந்தேகமில்லாத உபரி. எல்லா ஆண்டும் அது வருவதில்லை. ஆகவே நம் குறிப்பில் இரண்டு கேள்வி வரும். எந்த அளவுக்கு மேல் வருவதை உபரி என்கிறீர்கள்? மேட்டூர் நிரம்பாத ஆண்டில் ஏரிகளுக்கு என்ன கிடைக்கும்?

தக்காளி ஆலை முயற்சிக் குவியலுக்குப் போகிறது. "உரிய நடவடிக்கை" என்பதில் ஆலையே வராமல் ஓர் ஆய்வுக் குழு வந்தாலும் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டதாகிவிடும். அரசு ஆலையா, தனியாருக்கு மானியமா என்றும் சொல்லவில்லை.

ரயில் வரிதான் டீக்கடைச் சண்டைக்குக் காரணம். கதவைத் தட்டுவது, தூங்க விடாதது எல்லாம் வேகமான சொற்கள். சாரம் "வலியுறுத்துவோம்" என்பது மட்டும். முயற்சி. ரயில் பாதை மத்திய அரசின் கையில் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் ஓடிய பழைய தருமபுரி–மொரப்பூர் பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போனது. புதுப் பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு மாநிலக் கட்சி இதில் தன் கையால் செய்யக்கூடியது நிலம் எடுத்துக் கொடுப்பது. அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் குறிப்பில் எழுத வேண்டும்.

பத்தாயிரம் வேலை வாக்கியத்தில் வினையே இல்லை. "இங்கேயே வேலை" என்று முடிந்துவிடுகிறது. மேடையில் இது அடிக்கடி நடக்கும். கைதட்டல் வினையை விழுங்கிவிடும். நாமாக "கொடுப்போம்" என்று சேர்க்கக் கூடாது. அரசு வேலையா, சிப்காட்டில் வரப்போகும் தனியார் வேலையா, ஒரே ஆண்டிலா ஐந்தாண்டிலா, எதுவும் இல்லை. எண் இருந்தும் இது உறுதியில் சேராது. "தெளிவில்லை" என்று தனியே வையுங்கள்.

விடுதி ஒன்றுதான் கிட்டத்தட்ட முழுமை. யாருக்கு, எங்கே, எத்தனை பேருக்கு, எப்போதுக்குள், எல்லாம் வந்துவிட்டன. "திறப்போம்" என்ற சொல் இருப்பதால் அடிக்கல் நாட்டினால் மட்டும் போதாது. பணம் மட்டும் சொல்லவில்லை.

ஒட்டும் தாள் இப்படி வரும். தலைவரின் பெயர், கட்சி, கூட்டம் நடந்த இடம், தேதி எல்லாவற்றுக்கும் மேலே. ஒவ்வொரு வரியின் முடிவிலும் பதிவின் நிமிடம், வினாடி.

> உறுதி: பென்னாகரத்தில் படிக்கும் பெண்களுக்கு 100 பேர் தங்கும் விடுதி, ஆட்சியின் முதல் ஆண்டில் கட்டித் திறப்பு. செலவு: சொல்லவில்லை.
> உறுதி: காவிரி உபரி நீரால் தருமபுரி மாவட்டத்தின் "எல்லா ஏரிகளையும்" நிரப்புதல். ஆண்டு, செலவு, எவை அந்த ஏரிகள்: சொல்லவில்லை.
> முயற்சி: பாலக்கோட்டில் தக்காளி பதப்படுத்தும் ஆலை அமைக்க "உரிய நடவடிக்கை".
> முயற்சி: மொரப்பூர் ரயிலுக்காக டெல்லியை வலியுறுத்துதல்.
> தெளிவில்லை: "பத்தாயிரம் பேருக்கு இங்கேயே வேலை". யார் தருவது, எப்போது: சொல்லவில்லை.
> வாக்குறுதி இல்லை: ஃப்ளோரைடு பிரச்சினையைச் சொன்னார், குடிநீருக்குத் தீர்வு எதுவும் சொல்லவில்லை.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சொல்லாததைச் சொன்னதாக ஊர் நம்பும் இடங்களுக்குத்தான் அது.

ஒட்டுவதற்கு முன் சரிபார்ப்பு

இன்னொருவரிடம் எழுதிய பகுதியை மட்டும் கொடுத்து, உங்கள் முடிவைக் காட்டாமல் பிரிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அவர் வேறு கட்சிக்கு ஓட்டுப் போடுபவராக இருக்கட்டும். இருவரும் வேறு குவியலில் போட்ட வாக்கியங்களைத் திரும்பக் கேளுங்கள். அப்போதும் ஒத்துப் போகாவிட்டால் கீழான குவியலில் வையுங்கள், பக்கத்தில் தலைவரின் சொல்லை மேற்கோளாகவே போடுங்கள். சண்டை பெரும்பாலும் முயற்சிக்கும் உறுதிக்கும் நடுவில்தான் வரும்.

அப்புறம் அச்சிட்ட தேர்தல் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்புக்குப் பிறகு தேர்தல் ஆணையம், அறிக்கையில் வாக்குறுதி கொடுக்கும் கட்சிகள் அதற்கான காரணத்தையும் பணம் திரட்டும் வழியையும் பொதுவாகவாவது காட்ட வேண்டும் என்று நடத்தை விதிகளில் சேர்த்தது. மேடையில் "சொல்லவில்லை" என்று விட்ட இடத்துக்கு அறிக்கையில் பதில் இருக்கலாம். இருந்தால் "அறிக்கையில்" என்று குறித்துச் சேருங்கள். மேடையில் "நிரப்புவோம்" என்றது அறிக்கையில் "ஆய்வு செய்யப்படும்" என்று இளைத்திருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள், விளக்கம் தேவைப்படாது.

பேசியவர் ஆட்சியில் இருப்பவரானால் ஏற்கெனவே நடக்கும் திட்டத்தைப் புதிதுபோலச் சொல்லியிருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். அரசாணை வந்துவிட்டதா, ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டதா என்று தேடினால் தெரிந்துவிடும். கிடைக்காவிட்டால் சம்பந்தப்பட்ட துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்; 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏரித் திட்டம் என்ன ஆயிற்று?" என்று பொதுவாகக் கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று வரும். "இத்திட்டத்துக்கு நிர்வாக ஒப்புதல் வழங்கிய அரசாணையின் எண், தேதி, நகல்" என்று கேளுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் இல்லை என்றே எழுத வேண்டிவரும், அந்தப் பதிலைத் தாளில் அந்த வாக்குறுதிக்கு நேராகச் சேர்த்துவிடலாம்.

அதே தலைவர் அடுத்த வாரம் கிருஷ்ணகிரியிலோ அரூரிலோ பேசினால் பழைய தாளைத் திருத்தாதீர்கள். புதிய தேதியிட்டு இன்னொரு தாள் போடுங்கள். முதல் ஆண்டு என்றது இரண்டாவது கூட்டத்தில் ஐந்தாண்டுக்குள் என்று மாறியிருந்தால் இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். முழுப் பதிவையும் இணைப்பாக மட்டும் வைக்காமல் இறக்கி ஒரு பென்டிரைவில் வையுங்கள். தேர்தல் முடிந்ததும் காணொளிகள் காணாமல் போவது உண்டு.